தொகுப்பு நூலின் பொருளடைவில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரே ஆசிரியர் எழுதிய நூலுக்குப் பொருளடைவு செய்வதற்கும், பதினான்கு பேர் எழுதிய கட்டுரைத் தொகுப்புக்குச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு முதலில் சொற்களில்தான் தெரியும். பதினான்கு பேரும் ஒரே பொருளைப் பற்றி எழுதியிருப்பார்கள். ஆனால் அவரவர் ஊர்ச் சொல்லில், அவரவர் துறைச் சொல்லில் எழுதியிருப்பார்கள். தொகுப்பாசிரியர் மொழிநடையைச் சீராக்கினாலும் கலைச்சொல்லில் பெரும்பாலும் கை வைக்கமாட்டார். அது நியாயமும்கூட. ஆக, அந்தச் சொற்களை இணைக்கும் வேலை அடைவு செய்பவர் தலையில் வந்து விழுகிறது.

ஏரிப் பாசனத்தைப் பற்றிய ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்வோம். பதினான்கு கட்டுரைகள், 320 பக்கம். கல்வெட்டு ஆய்வாளர், பொறியாளர், மானிடவியலாளர், வன்னிப் பகுதியிலிருந்து எழுதியவர் என்று பலரும் இருக்கிறார்கள். இந்த அளவு நூலுக்கு இரண்டு பத்தியாக அச்சிட்டால் பொருளடைவு பத்து முதல் பதினாறு பக்கத்துக்குள் முடிந்தால் சரி.

வேலைக்கு ஒரு விரிதாள் போதும். வரிசைக்கு ஒரே குறிப்பு. நான் வைக்கும் நிரல்கள் இவை: A தலைப்பு, B உட்தலைப்பு, C கட்டுரை எண், D தொடக்கப் பக்கம், E முடிவுப் பக்கம், F காண்க என்று அனுப்பும் இலக்கு, G அந்தப் பக்கத்தில் ஆசிரியர் உண்மையில் எழுதியிருக்கும் சொல். கடைசி நிரலைப் பலர் வைப்பதில்லை. தொகுப்பு நூலுக்கு அதுதான் உயிர்நாடி. ஏன் என்பது கீழே முதல் கோளாறிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: ஒரே பொருள் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது

முதல் வரைவை அகரவரிசைப்படுத்திப் பார்க்கிறீர்கள். இப்படி இருக்கிறது:

தூம்பு 88, 90
மடை 130–132, 207
மதகு 41–44, 203

மூன்றுமே ஏரிக் கரையில் நீரைத் திறந்துவிடும் வாயைத்தான் குறிக்கின்றன. கல்வெட்டுக் கட்டுரையில் தூம்பு, தென்மாவட்டக் கட்டுரைகளில் மடை, பொறியாளர் கட்டுரைகளில் மதகு. மதகைத் தேடி வரும் வாசகர் 41, 203 இரண்டையும் பார்த்துவிட்டு நூலில் அவ்வளவுதான் இருக்கிறது என்று மூடிவிடுவார்.

சரிசெய்வது இப்படி. ஒரு சொல்லைத் தலைமைச் சொல்லாக்கி எல்லாப் பக்க எண்களையும் அதன்கீழ் கொண்டுவர வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது? நூலில் அதிகம் வருவதை அல்ல, வாசகர் முதலில் தேடக்கூடியதை. இங்கே மதகு. மற்ற இரண்டும் தம் இடத்திலேயே நின்று வாசகரை அனுப்பிவைக்கும்:

தூம்பு – காண்க: மதகு
மடை – காண்க: மதகு

இப்படி மாற்றும்போது A நிரலில் மதகு என்று வந்துவிடும். G நிரலில் மடை என்ற பழைய சொல் அப்படியே இருக்கும். பிறகு யாராவது 'நான் மதகு என்று எழுதவே இல்லையே' என்று கேட்டால் எந்த வரி எதிலிருந்து வந்தது என்று உடனே காட்டலாம். முடிவை மாற்ற நேர்ந்தாலும் G நிரலை வடிகட்டினால் பழைய நிலை கிடைத்துவிடும்.

இதில் ஒரு குழி உண்டு. ஒன்றுபோல் தோன்றும் எல்லாச் சொல்லும் ஒன்றல்ல. குமிழித் தூம்பு என்பதைப் பாருங்கள். அது கரையை விட்டு ஏரியின் உள்ளே தள்ளி, இரண்டு கல்தூண்களுக்கு நடுவே அமைக்கப்படும் ஒரு தனி வகை. நீர் போக ஒரு துளை, அடியில் சேறு போக வேறு துளைகள். அதைப் பற்றி ஒரு கட்டுரை நான்கு பக்கம் பேசுகிறது என்றால் மதகுக்குள் கரைத்துவிடக் கூடாது. அதற்குத் தனித் தலைப்பு வேண்டும், மதகின் கீழிருந்து 'மேலும் காண்க' வேண்டும். கலிங்கு இன்னும் தெளிவான வேறு பொருள். அது ஏரி நிரம்பியபின் மிகைநீர் வழியும் இடம். கலிங்கல், கலங்கல் என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுத்து மாறி வரும், அவற்றைக் கலிங்கின்கீழ் சேர்க்கலாம். மதகோடு சேர்க்க முடியாது.

எதிர்த் திசையிலும் இதே குழி. குளம் என்ற ஒரே சொல் திருநெல்வேலிக் கட்டுரையிலும் இரணைமடுவைப் பற்றிய வன்னிக் கட்டுரையிலும் பாசன நீர்நிலை, கோயில் கட்டுரையிலோ படிக்கட்டோடு கூடிய தெப்பக்குளம். எழுத்து ஒன்றாக இருப்பதால் விரிதாள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், கண்ணுக்கும் தப்பாகத் தெரியாது. அடைப்புக்குறியில் பிரித்துத்தான் ஆக வேண்டும்: 'குளம் (கோயில்)', 'குளம் (பாசனம்)'. பாசனக் குளத்தை ஏரியின்கீழ் கொண்டுபோவதா, தனியாக வைப்பதா? என் பக்கம் தனியாக வைப்பதுதான். வட்டாரச் சொல்லே ஆய்வுப் பொருளாக இருக்கும் நூலில் கண்மாயையும் குளத்தையும் ஏரிக்குள் அமுக்கினால் வாசகருக்கு இழப்பு. மூன்றையும் 'மேலும் காண்க' கொண்டு இணைத்தால் போதும். மதகு விஷயத்தில் சேர்த்துவிட்டு இங்கே மட்டும் பிரிப்பது முரண் இல்லையா என்று கேட்கலாம். வாசகர் எதைத் தேடி வருவார் என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் விடை வேறு, அவ்வளவுதான்.

அறிகுறி: சிதறல் பாதிதான் தீர்ந்திருக்கிறது

இது முந்தியதைவிட மோசம், ஏனென்றால் அடைவு ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும்.

நீர்க்கட்டி 52, 133, 210, 245
நீர்பாய்ச்சி 133, 210

இரண்டு இடத்திலும் எண்கள் உண்டு, இரண்டும் வயல்களுக்கு நீர் திறந்துவிடும் ஒரே பணியாளரின் பெயர். நீர்பாய்ச்சி என்று தேடியவர் 52, 245 இரண்டையும் இழக்கிறார், இழந்ததே அவருக்குத் தெரியாது. முதலில் இரண்டு தலைப்பின் கீழும் எழுதத் தொடங்கி, பாதி வழியில் ஒன்றை மறந்துவிடுவதால் வருவது இது.

இதற்கு இரண்டே தீர்வு. உட்தலைப்பு இல்லாமல் மூன்று நான்கு எண்களே இருந்தால் இரண்டு இடத்திலும் முழுப் பட்டியலையும் கொடுத்துவிடுங்கள். வாசகரை இன்னொரு பக்கத்துக்கு விரட்ட வேண்டியதில்லை, இடமும் கூடுவதில்லை. உட்தலைப்புகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து மற்றதில் 'காண்க' மட்டும் போடுங்கள். நடுவழி கிடையாது. 'காண்க' போட்ட தலைப்பின் எதிரே ஒரு பக்க எண்கூட நிற்கக் கூடாது.

மடைக்குடும்பர், நீராணிக்காரர் என்ற பெயர்கள் வரும்போது மறுபடி G நிரலைப் பார்க்க வேண்டும். வேலை ஒன்றாக இருந்தாலும் யார் அதற்கு உரியவர், கூலி எப்படி என்பது ஊருக்கு ஊர் மாறும். கட்டுரையாளர் அந்த வேறுபாட்டைப் பேசுகிறார் என்றால் தனித் தலைப்பு. பேசாமல் அந்த ஊர் வழக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார் என்றால் 'காண்க'.

அறிகுறி: தலைப்புக்குப் பின்னால் ரயில்போல் எண்கள்

ஏரி 3, 5–9, 14, 22, 31–36, 41, 47, 60, 77, 88, 102…

எண்கள் ஆறேழைத் தாண்டினால் உட்தலைப்பாகப் பிரிக்க வேண்டும் என்பது அடைவு செய்பவர்களிடம் உள்ள பொதுக் கணக்கு. வாசகர் இருபது பக்கத்தைப் புரட்டிப் பார்க்கமாட்டார். மதகுக்குச் சேர்த்த எண்களைப் பிரித்தால் இப்படி வரும்:

மதகு
— அமைப்பு 41–44
— கல்வெட்டுகளில் 88, 90
— திறக்கும் முறை 130–132
— பழுதும் சீரமைப்பும் 203, 207
— மேலும் காண்க: குமிழித் தூம்பு, நீர்க்கட்டி

உட்தலைப்பு எழுதும்போது அந்தப் பக்கத்துக்குப் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே மதகைப் பற்றி என்ன சொல்கிறார்? விடை இரண்டு மூன்று சொல்லில் வந்தால் அதுதான் உட்தலைப்பு. விடையே வரவில்லை என்றால் அது போகிற போக்கில் வந்த குறிப்பு, எண்ணை எடுத்துவிடலாம். 'மதகருகே நின்றிருந்த முதியவர் சொன்னார்' என்ற வரிக்கு மதகின்கீழ் இடமில்லை.

ஆனால் 'ஏரி' வேறு நோய். நூல் முழுவதும் ஏரியைப் பற்றியதுதான். அந்தத் தலைப்பின்கீழ் உட்தலைப்பு போடத் தொடங்கினால் மொத்த அடைவும் அதற்குள் போய்விடும். ஏரியின் கரை, ஏரியின் கலிங்கு, ஏரியின் தூர்வாரல், ஏரி வாரியம். நூலின் மையப் பொருளை ஏறக்குறைய வெற்றாக விட வேண்டும். சொல் விளக்கம் தரும் பக்கம், வகைப்பாடு சொல்லும் பக்கம், இரண்டோ மூன்றோ, அவ்வளவுதான். மற்றவை தத்தம் பெயரில் தலைப்பாக நிற்கட்டும். கரை க-வில், தூர்வாரல் த-வில், உத்தரமேரூர் உ-வில். ஏரி வாரியம் மட்டும் அந்தச் சொல்லோடேயே தேடப்படுவது என்பதால் ஏ-யில் தனித் தலைப்பாக இருக்கலாம், உத்தரமேரூரின்கீழும் ஒரு உட்தலைப்பாகத் திரும்ப வரலாம்.

எண்கள் பெருகுவதற்கு இன்னொரு காரணம் தேடுபெட்டி. PDF-இல் 'மடை' என்று தட்டி, வந்த எண்களை எல்லாம் எழுதிக்கொள்வது. மடை என்று தேடினால் மடையன், மடைமை, மடைப்பள்ளி எல்லாம் வரும். குளம் என்று தேடினால் குளத்தில், குளத்துக்கு வராது. குள என்று சுருக்கினால் குளவியும் குளறுபடியும் சேர்ந்து வரும். இதைவிடப் பெரிய குறை, சொல் இல்லாமல் பொருள் இருக்கும் இடங்கள். ஒரு கட்டுரை 'ஊர் கூடி வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்கால் வெட்டினார்கள்' என்று ஒரு பக்கம் எழுதியிருக்கும், குடிமராமத்து என்ற சொல் ஒருமுறைகூட வராது. அந்தப் பக்கம் குடிமராமத்தின்கீழ் வந்தே ஆக வேண்டும். தேடல் அதைத் தராது, படித்தால்தான் கிடைக்கும். தேடலைக் கடைசியில், விட்டுப்போனதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 'காண்க' எங்கும் போய்ச் சேரவில்லை

மூன்று வகையில் நடக்கும். இலக்குத் தலைப்பே அடைவில் இல்லை. அல்லது கலங்கல் – காண்க: கலிங்கல் என்று போனால் அங்கே கலிங்கல் – காண்க: கலிங்கு. அல்லது அப்பட்டமான சுழல்: வாய்க்கால் – காண்க: கால்வாய், கால்வாய் – காண்க: வாய்க்கால். சிரிக்கலாம்தான், ஆனால் தலைமைச் சொல்லை வேலையின் நடுவே மாற்றும்போது இது எளிதில் நேர்ந்துவிடும்.

கண்ணால் தேட வேண்டாம். F நிரலில் இலக்கு உள்ள ஒவ்வொரு வரியிலும் இதைப் போடுங்கள்:

```
=COUNTIFS(A:A,F2,D:D,">0")
```

இலக்குத் தலைப்பின்கீழ் பக்க எண் உள்ள வரிகள் எத்தனை என்று இது எண்ணும். சுழியம் வந்தால் அந்தக் 'காண்க' எங்கும் போகவில்லை, மேலே சொன்ன மூன்றில் ஏதோ ஒன்று. பக்கத்தைத் தொடக்கம், முடிவு என்று இரண்டு நிரலாகப் பிரித்தது இதற்காகத்தான். '41–44' என்று ஒரே கட்டத்தில் எழுதினால் விரிதாள் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, நல்ல இணைப்பும் சுழியம் காட்டும். ஒரு கட்டத்தில் ஓர் இலக்குதான் இருக்க வேண்டும். குமிழித் தூம்பு, நீர்க்கட்டி என்று இரண்டுக்கு அனுப்பினால் இரண்டு வரி.

'மேலும் காண்க' விஷயத்தில் இந்தச் சோதனை மட்டும் போதாது. இலக்குக்குப் போனால் புதிய பக்கம் ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தலைப்பின்கீழும் அதே 130, 207தான் என்றால் அந்த இணைப்பு வாசகரைச் சும்மா அலைய வைக்கிறது, எடுத்துவிடலாம்.

அறிகுறி: அகரவரிசை தப்பாக இருக்கிறது

கண்மாய், கனமழை, கமலை, கரை, கலிங்கு, களிமண், கழனி, கவலை. இப்படி வந்தால் மென்பொருள் தமிழ் வரிசையில் அடுக்கவில்லை, யூனிகோடு எண் வரிசையில் அடுக்கியிருக்கிறது என்று பொருள். அந்த அட்டவணையில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, அப்புறம் வ. அகராதி வரிசை ய ர ல வ ழ ள ற ன. அதன்படி வர வேண்டியது: கண்மாய், கமலை, கரை, கலிங்கு, கவலை, கழனி, களிமண், கனமழை.

புள்ளி எழுத்தையும் பாருங்கள். அகராதியில் அக்கரை முதலில், அகழி பிறகு. எண் வரிசையில் தலைகீழாக வரும். இந்த இரண்டு சொல்லையும் தனியாக அடுக்கிப் பார்த்தாலே உங்கள் மென்பொருள் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். லிப்ரேஆபிஸ் விரிதாளில் `Data > Sort` சாளரத்தின் `Options` பகுதியில் மொழியைத் தமிழ் என்று வைத்து அடுக்கிப் பாருங்கள். கட்டுரைகள் பழைய எழுத்துருக் குறியேற்றத்தில் வந்திருந்தால் எதுவும் பலிக்காது. முதலில் யூனிகோடாக மாற்றிவிட்டுத்தான் அடைவில் இறங்க வேண்டும்.

அறிகுறி: ஒரே தலைப்பு இரண்டு முறை, எழுத்துப் பிழையும் இல்லை

தொட்டி 67
தொட்டி 149, 151

பார்வைக்கு அச்சு அசல். பக்கத்துக் கட்டத்தில் `=LEN(A2)` போட்டுப் பாருங்கள். ஒன்றில் 6, மற்றதில் 7 வரும். ஒருவர் ொ என்பதை ஒரே குறியாகத் தட்டியிருக்கிறார், இன்னொருவர் ெ, ா என்று இரண்டாகத் தட்டியிருக்கிறார். ெ + ா இரண்டையும் தேடி ொ என்றும், ே + ா இரண்டையும் தேடி ோ என்றும் மாற்றினால் தீர்ந்தது. பின்னால் வெற்றிடம் ஒட்டியிருந்தாலும் எண் ஒன்று கூடும், அதையும் நீக்குங்கள்.

ஔகார விஷயத்தில் மட்டும் இந்த மொத்த மாற்றத்தைச் செய்யாதீர்கள். மௌரியர் என்பதைச் சிலர் ம, ெ, ள என்று தட்டியிருப்பார்கள்தான். ஆனால் ெள என்பதை எல்லா இடத்திலும் ௌ ஆக்கினால் வெள்ளம் எல்லாம் சிதைந்துபோகும். பாசன நூலில் வெள்ளம் எத்தனை பக்கத்தில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

அறிகுறி: பக்கத்தில் போய்ப் பார்த்தால் விஷயம் அங்கே இல்லை

அடைவு முடிந்தபின் பக்க வடிவமைப்பு நகர்ந்திருக்கிறது. தொகுப்பு நூலில் இது அதிகம், யாராவது ஒருவர் கடைசி நேரத்தில் ஒரு வரைபடமோ பின்னிணைப்போ அனுப்பிவைப்பார். எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடிக்க நூல் முழுவதையும் துழாவாதீர்கள். C நிரலில் வடிகட்டி, ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று பதிவை எடுத்துப் பாருங்கள். மூன்றும் இரண்டு பக்கம் தள்ளியிருந்தால் அந்தக் கட்டுரையின் D, E நிரல்களில் இரண்டைக் கூட்டிவிடலாம். தொடக்கம் சரி, கடைசி தப்பு என்றால் நடுவில் ஏதோ நுழைந்திருக்கிறது. அந்த ஒரு கட்டுரையை மட்டும் முழுதாக மறுபடி பார்க்க வேண்டும். கட்டுரை எண் நிரல் இல்லாவிட்டால் இந்த வழியே கிடையாது, 320 பக்கத்தையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான்.

கட்டுரைகளின் வரிசையையே மாற்றினால் கதை வேறு. அப்போது D, E எண்களைச் சரிசெய்தபின் உட்தலைப்புகளின் பக்க எண்கள் ஏறுவரிசையில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். 203, 88 என்று எண்கள் முன்பின்னாக நிற்கும் இடங்களை மறுபடி அடுக்கிய பிறகே வடிவமைப்பாளருக்கு அனுப்புங்கள்.